ஒரு ஆடு பாலம் தாண்ட ஐந்து மாதம்: வாராந்தர கார்ட்டூன் எபிசோடு உருவாகும் விதம்

எங்கள் ஸ்டுடியோவுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, வாராவாரம் டிவியில் வருதே, அப்ப ஒரு எபிசோடை ஒரு வாரத்துல முடிச்சுருவீங்களா?" இல்லை தம்பி. பாலக்காட்டில் நாங்கள் வேலை செய்கிற 11 நிமிடக் குழந்தைகள் தொடரில் ஒரு எபிசோடு கதையாகத் தொடங்கி சேனலுக்குப் போய்ச் சேர ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகிறது. அப்புறம் எப்படி வாரம் ஒன்று வருகிறது என்றால், ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு எபிசோடுகள் வெவ்வேறு மேஜையில் கிடக்கின்றன. ஒன்று எழுத்தில், ஒன்று ஸ்டோரிபோர்டில், ஒன்று அனிமேஷனில், ஒன்று மிக்ஸிங்கில்.

இதைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் மண்டையில் ஏறாது. அதனால் ஒரே ஒரு ஷாட்டை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போகலாம். ஏழாவது எபிசோடில் 48-ஆவது ஷாட். எல்லைச் செக்போஸ்ட் பக்கம் வீடு. பையன் வாசலில் நின்று கத்துகிறான்: "அம்மா, ஆடு பாலம் தாண்டிப் போயிருச்சு!" அவ்வளவுதான், மூன்று விநாடிகூடக் கிடையாது.

முதலில் காலண்டர்

படம் வரைவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. எங்களால் இரண்டு வாரத்துக்கு ஒரு எபிசோடுதான் முடித்துக் கொடுக்க முடியும். சேனல் வாரத்துக்கு ஒன்று போடும். மொத்தம் 26. முதல் எபிசோடு கையில் வந்த நாளிலிருந்து 26-ஆவது வர 50 வாரம் ஆகும். ஆனால் ஒளிபரப்பு தொடங்கிய 25-ஆவது வாரமே சேனல் 26-ஆவதைக் கேட்கும். அப்படியென்றால் முதல் எபிசோடு தயாரான பிறகு 25 வாரம் பொறுத்துத்தான் ஒளிபரப்பைத் தொடங்க வேண்டும், அன்று அலமாரியில் 13 எபிசோடு முடிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த 13-ம் யாருக்கும் காய்ச்சல் வராமல், ஓணத்துக்கும் பொங்கலுக்கும் யாரும் ஊருக்குப் போகாமல் இருந்தால் சரியாக இருக்கிற எண். நான் 16 இல்லாமல் தேதி சொல்ல மாட்டேன்.

ஆறே நாளில் ஒரு எபிசோடு முடிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள், அமெரிக்காவின் சவுத் பார்க் அப்படித்தான் ஓடுகிறது. வெட்டி ஒட்டிய காகிதப் பொம்மை மாதிரி உருவங்கள், கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும் பாத்திரங்கள், அதற்கே பழகிய குழு. அவர்களுக்கும் 2013 அக்டோபரில் ஸ்டுடியோவில் கரண்ட் போனதால் ஒரு எபிசோடு நேரத்துக்குப் போகவில்லை, 1997-இல் தொடர் ஆரம்பித்ததிலிருந்து அதுதான் முதல் முறை. நம் ஊரில் கரண்ட் எத்தனை தடவை போகும் என்று எண்ணிப் பார்த்துவிட்டு அந்த முறையைப் பின்பற்றலாமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

எழுத்து: ஒரு வரி எவ்வளவு செலவு

முதல் வரைவில் இருந்தது ஒரே ஒரு ஆடு இல்லை. "ஆட்டுக்கூட்டம் பாலத்தின் மேல் தலைதெறிக்க ஓடுகிறது" என்று எழுத்தாளர் எழுதியிருந்தார். சினிமாவில் இப்படி எழுதினால் ஒரு மேய்ப்பரைக் கூப்பிட்டு விடலாம். இங்கே நாற்பது ஆட்டுக்கும் நாலு காலை யாரோ ஒருவர் அசைக்க வேண்டும், ஒன்றை ஒன்று மறைக்கிற இடங்களைத் திருத்த வேண்டும், கீழே நிழல் போட வேண்டும். அந்த ஒரு வரி ஒருவருடைய இரண்டு வார வேலை. ஒரே ஆடு என்று மாற்றினோம், கழுத்தில் ஒரு மணி கட்டினோம், பாலத்தில் மணிச் சத்தம் தேய்ந்துகொண்டே போவதை வைத்து அது ஓடிவிட்டதைக் காட்டினோம். கதைக்கும் அதுதான் நன்றாக இருந்தது.

வசனத்திலும் எல்லைப்பகுதிக்காரர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. எங்கள் தொடர் தமிழிலும் மலையாளத்திலும் போகும். வாயசைவை ஒரு தடவைதான் செய்வோம். அதனால் எழுதும்போதே உதடு மூடுகிற எழுத்துகள், அதாவது ம, ப, இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும்படி சொற்களைத் தேர்ந்தெடுக்கிறோம். "அம்மா, ஆடு பாலம் தாண்டிப் போயிருச்சு." மலையாளத்தில் "அம்மே, ஆடு பாலம் கடந்நு போயி." அம்மா, பாலம், போ மூன்றும் வரிசை மாறாமல் நிற்கின்றன. கொழிஞ்சாம்பாறையில் பிறந்தவனுக்கு இதற்கு அகராதி வேண்டாம், டீக்கடையில் கேட்டதே போதும்.

குரல் முதலில், படம் பிறகு

நாங்கள் வரைவதற்கு முன்பே குரலைப் பதிவு செய்துவிடுகிறோம். ஜப்பானில் பெரும்பாலும் தலைகீழ், படம் ஓரளவு தயாரான பிறகு நடிகர்கள் அதைப் பார்த்துப் பேசுவார்கள். குரல் முதலில் இருந்தால் அனிமேட்டருக்கு நடிப்பு கையில் கிடைத்துவிடுகிறது, எங்கே மூச்சு வாங்குகிறான், எங்கே குரல் கீச்சிடுகிறது என்று தெரியும். பையனுக்குக் குரல் கொடுத்தது ஒன்பது வயதுப் பிள்ளை, உள்ளூர்தான். 48-க்கு நாலு டேக் எடுத்தோம். நாலாவதில் "அம்மா"வுக்கு அப்புறம் சின்னதாக ஒரு மூச்சு விட்டான், அதைத்தான் எடுத்தோம்.

ஸ்டோரிபோர்டு

ஒவ்வொரு ஷாட்டையும் கட்டம் கட்டமாக வரைந்து வைப்பதுதான் ஸ்டோரிபோர்டு, ஒரு கட்டம் ஒரு பேனல். இந்த ஷாட்டுக்கு மூன்று பேனல். முதலாவதில் கதவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறான், இரண்டாவதில் உள்பக்கம் திரும்பிக் கத்துகிறான், மூன்றாவதில் கை பாலத்தை நோக்கி நீள்கிறது. அழகாக வரைந்திருக்கிறதா என்பது இரண்டாம்பட்சம். தொடக்க நிலை, முடிவு நிலை, கேமரா நகர்கிறதா இல்லையா, வசனத்தின் எந்தச் சொல்லில் உடம்பு திரும்புகிறது, இவை இருந்தால் போதும்.

புதியவர்கள் தடுக்கி விழுகிற இடம் திசை. 47-இல் ஆடு திரையின் வலப்பக்கமாக வெளியே போகிறது. 49-இல் அது பாலத்தில் ஓடுவதைக் காட்டும்போது இடப்பக்கத்திலிருந்து உள்ளே வந்து வலப்பக்கம் நோக்கியே ஓட வேண்டும். மாற்றி வரைந்தால் ஆடு வீட்டுக்குத் திரும்பி வருகிற மாதிரி இருக்கும், கதையே கவிழ்ந்துவிடும். எங்கள் போர்டு ஆர்டிஸ்ட் அப்படித்தான் வரைந்திருந்தார். தனித்தனிப் பேனலாகப் பார்க்கும்போது யாருக்கும் தெரியவில்லை, வரிசையாக ஓட்டிப் பார்த்ததும் எடிட்டர் சேச்சி "ஆடு வீட்டுக்கு வந்துருச்சு, படம் முடிஞ்சுது" என்றார்.

அனிமேடிக்: உண்மையில் படம் எடுக்கப்படுவது இங்கேதான்

ஸ்டோரிபோர்டுப் பேனல்களை வரிசையாக அடுக்கி, பதிவு செய்த குரலைப் போட்டு, ஒவ்வொரு பேனலும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ அவ்வளவு நிறுத்தி வைத்து ஓட்டினால் அதுதான் அனிமேடிக். பார்ப்பதற்கு அரைகுறையாக இருக்கும். ஆனால் படத்தின் நீளம், வேகம், சிரிப்பு, எல்லாம் முடிவாவது இங்கே. இதற்குப் பிறகு வருகிற எல்லாரும் இதில் குறித்த ஃபிரேம் எண்ணுக்குள்தான் வேலை செய்வார்கள்.

நம் டிவிக்கு விநாடிக்கு 25 ஃபிரேம். 11 நிமிடம் என்றால் 660 விநாடி, 16,500 ஃபிரேம். ஒரு ஃபிரேம் கூடினாலும் சேனல் வாங்காது. ஏழாவது எபிசோட்டின் முதல் அனிமேடிக் 12 நிமிடம் 20 விநாடி வந்தது. 80 விநாடி வெட்ட வேண்டும்.

இந்த 80 விநாடியை இப்போது வெட்டினால் ஒரு நாள் வேலை, சேச்சியும் இயக்குநரும் இரண்டு டீ குடித்துவிட்டு முடித்துவிடுவார்கள். அனிமேஷன் முடிந்த பிறகு வெட்டினால் என்ன ஆகும்? எங்களிடம் ஒரு அனிமேட்டர் நாளைக்கு 5 விநாடி முடிக்கிறார். 80 விநாடி என்றால் ஒரு ஆளின் 16 நாள் உழைப்பு குப்பைக்குப் போகிறது, சம்பளத்தை மட்டும் கொடுத்தே ஆக வேண்டும். அதனால்தான் அனிமேடிக்கைப் பூட்டுகிற வரைக்கும் எவ்வளவு சண்டை வேண்டுமானாலும் போடலாம், பூட்டிய பிறகு தயாரிப்பாளரின் மச்சான் வந்து சொன்னாலும் ஒரு ஃபிரேம் நகராது என்று வைத்திருக்கிறோம்.

எப்படி வெட்டுவது? எல்லா ஷாட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு ஷாட்டிலும் பத்து ஃபிரேம் கிள்ளினால் மூச்சுவிட இடமில்லாமல் படம் முழுக்க ஓடுகிற மாதிரி ஆகிவிடும், எங்கே தப்பு என்று விரல் வைத்தும் காட்ட முடியாது. நாங்கள் ஒரு காட்சியையே தூக்கினோம். செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் பையனிடம் ஆட்டின் நிறம், வயது எல்லாம் கேட்கிற 55 விநாடி. கேட்கச் சிரிப்பாகத்தான் இருந்தது, எழுத்தாளருக்கு முகமே வாடிப்போனது, ஆனால் அதை எடுத்தாலும் கதை ஒரு இம்மி குறையவில்லை. மீதி 25 விநாடி இரண்டு நடைக் காட்சிகளில் போனது. 48-ஐத் தொடவில்லை. "அம்மா"வுக்குப் பிறகு இருக்கிற அந்த மூச்சை எடுக்க இயக்குநர் விடவில்லை.

பூட்டுவதற்கு முன் இரண்டு சோதனை செய்யுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு தடவை முழுக்கப் பாருங்கள், கதை புரிய வேண்டும். அப்புறம் தொடரைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு ஆளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். படத்தைப் பார்க்காதீர்கள், அவர் முகத்தைப் பாருங்கள். எங்கே போனை எடுக்கிறாரோ அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாய்

பூட்டியாகிவிட்டது, 48-ஆவது ஷாட்டுக்கு 70 ஃபிரேம், அதாவது 2.8 விநாடி. இனி குரலை ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்து எந்த ஃபிரேமில் எந்த வாய் என்று அட்டவணை போட வேண்டும். எக்ஸ்-ஷீட் என்பார்கள். ஹார்மனி மாதிரி மென்பொருளில் வாய் வடிவங்களுக்கு எழுத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். `A` மூடிய உதடு, `D` அகலத் திறந்த வாய், `F` குவிந்த உதடு, `X` பேசாத வாய், இப்படி எட்டு. "அம்மா"வுக்கு நாங்கள் போட்டது இது:

```
01-04   அ      D
05-10   ம்ம    A
11-18   மா     D
19-22   மூச்சு  X
```

இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒலியில் ம்ம தொடங்குவது 6-ஆவது ஃபிரேமில், வாயை 5-லேயே மூடிவிட்டோம். வாய் ஒரு ஃபிரேம் முந்தினால் கண் ஏற்றுக்கொள்கிறது, பிந்தினால் டப்பிங் படம் மாதிரி தெரியும். இரண்டாவது, அந்த ம்ம ஆறு ஃபிரேம் நிற்கிறது. ஆங்கிலப் பாடங்களைப் பார்த்துப் படித்துவிட்டு வருகிறவர்கள் மூடிய வாய்க்கு இரண்டு ஃபிரேம் போடுவார்கள், ஆங்கிலத்தில் அது போதும். தமிழில் இரட்டித்து வருகிற ம்ம, ப்ப எல்லாம் உதட்டை அழுத்திப் பிடித்துக்கொள்கிற ஒலிகள். இரண்டே ஃபிரேமில் திறந்துவிட்டால் பையன் "அமா" என்று சொல்கிற மாதிரி இருக்கும், காது அம்மா என்று கேட்கும், எங்கோ இடிக்கும், பார்க்கிற குழந்தைக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது.

இந்த ஷாட்டுக்கு வந்த ஒரே ரீடேக்கும் வாயில்தான். புதிதாக வந்த தம்பி வசனத் தாளைப் பார்த்து "பாலம்" என்பதன் கடைசி ம்-க்கு வாயை மூடியிருந்தான். ஆனால் பையன் பேசியது "பாலந்தாண்டி." வேகமாகப் பேசும்போது அந்த ம் ந்-ஆக மாறிவிடுகிறது, உதடு மூடுவதே இல்லை, நாக்குதான் பல்லைத் தொடுகிறது. நீங்களே சொல்லிப் பாருங்கள். தாளைப் பார்த்து வாய் போடக்கூடாது, காதில் போட்டுக்கொண்டு, எதிரே ஒரு கண்ணாடி வைத்து, தானே பேசிப் பார்த்துப் போட வேண்டும். எங்கள் ஆபீஸில் ஒவ்வொரு மேஜையிலும் சலூன் கண்ணாடி இருப்பது அழகு பார்க்க இல்லை.

அனிமேஷனும் ஆள் கணக்கும்

பையன், ஆடு எல்லாம் ரிக்குகள். கை, முழங்கை, தலை என்று துண்டு துண்டாகச் செய்து மூட்டு வைத்த பொம்மைகள். ஒவ்வொரு ஃபிரேமையும் வரைய வேண்டியதில்லை, நிலைகளை அமைத்து நடுவில் திருத்தினால் போதும். ஒரு நிலையை இரண்டு ஃபிரேம் நிறுத்துகிறோம், வேகமான அசைவுக்கு மட்டும் ஃபிரேமுக்கு ஒன்று.

ஒருவர் நாளைக்கு 5 விநாடி என்றால் ஐந்து நாள் வாரத்துக்கு 25 விநாடி. 660 விநாடியில் தலைப்பும் பெயர்ப் பட்டியலும் 60 போகும். பழைய எபிசோடுகளிலிருந்து எடுக்கிற நடை, ஓட்டம், வீட்டின் காலைக் காட்சி என்று 90 போகும். மீதி 510-ஐ இரண்டு வாரத்தில் முடிக்கப் பதினோரு ஆள் வேண்டும். இந்த மறுபயன்பாட்டை ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். 1963-இல் ஜப்பானில் ஒசாமு தெசுகா அரை மணி நேர வாராந்தரத் தொடரை ஆரம்பித்தபோதே வரைந்த படங்களைச் சேமித்து வைத்துத் திரும்பத் திரும்ப எடுத்துப் போட்டுத்தான் சமாளித்தார். எங்கள் சேமிப்பில் ஆட்டின் ஓட்டம் 16 ஃபிரேம் சுழற்சியாக இருக்கிறது. 49-இல் ஓடுவது அதுதான், மணி மட்டும் புதிது.

அந்த மணியில்தான் இன்னொரு வினை. சேமிப்பில் இருந்த ஆட்டுக்கு மணி கிடையாது. 47-இல் மணியோடு வெளியே போன ஆடு 49-இன் முதல் இரண்டு ஃபிரேமில் மணி இல்லாமல் வந்து, மூன்றாவதில் மணி முளைத்தது. சாதாரண வேகத்தில் பார்த்தால் கழுத்தில் ஏதோ மின்னியது போலிருக்கும், அவ்வளவுதான். இப்படிப்பட்டவை எப்போதும் ஷாட்டின் முதல் இரண்டு, கடைசி இரண்டு ஃபிரேமில்தான் ஒளிந்திருக்கும். வெட்டு விழுகிற ஒவ்வொரு இடத்திலும் அம்புக்குறி விசையைத் தட்டித் தட்டி முன்னும் பின்னும் போய்ப் பாருங்கள். ரீடேக் சீட்டில் "ஆடு சரியில்லை" என்று எழுதாதீர்கள், `EP07_SC049_v02`, ஃபிரேம் 1-2, மணி இல்லை, என்று எழுதுங்கள். சீட்டைப் படிக்கிறவர் திரும்ப உங்களைக் கூப்பிட்டு எது என்று கேட்க வேண்டியிருக்கக்கூடாது.

சத்தம், சோதனை, அனுப்புதல்

மிக்ஸிங்கில் வசனம் ஒரு தடம், இசையும் மற்ற ஒலிகளும் இன்னொரு தடம். டப்பிங் செய்கிறவர் வசனத்தை மட்டும் எடுத்துவிட்டு வேறு மொழியைப் போட வேண்டும், அப்போது ஆட்டின் மணி காணாமல் போகக்கூடாது. பையன் பேசும்போது மைக்கில் விழுந்த செருப்புச் சத்தம்கூட வசனத் தடத்தில் இருந்தால் மலையாளத்தில் அவன் காற்றில் நடப்பான், அதனால் காலடியைத் தனியாகப் போட்டு இரண்டாவது தடத்தில் வைக்கிறோம். ஒலியின் சராசரி அளவு சேனல் சொல்கிறபடி இருக்க வேண்டும், ஐரோப்பிய R128 அளவுகோல்படி என்றால் மீட்டர் `-23 LUFS` காட்ட வேண்டும். படத்தில் தெரிகிற செக்போஸ்ட் பலகை போன்ற எழுத்துகளைத் தனி அடுக்கில் வைத்து, எழுத்தில்லாத பிரதி ஒன்றும் சேர்த்து அனுப்புகிறோம்.

மின்னல், வெடி, போலீஸ் விளக்கு இருக்கிற எபிசோடு என்றால் ஒரு சோதனை கட்டாயம். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போகிமான் தொடரின் ஒரு எபிசோடில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமாக மின்னியதில் 600-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள், பெரும்பாலும் குழந்தைகள். விநாடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் கூடாது என்பதுதான் இன்று பொதுவான விதி. எங்கள் மழைக் காட்சியில் ஒரு விநாடிக்குள் ஐந்து இருந்தது, இரண்டை எடுத்தோம்.

48-ஆவது ஷாட் மலையாளத்தில் கை வைக்காமலே பொருந்தியது. அப்புறம் தெலுங்குக்கும் கேட்டார்கள். ஆந்திராவின் சித்தூர்ப் பக்கத்திலிருந்து தமிழும் தெலுங்கும் தெரிந்த ஒருவர் வசனம் எழுத வந்தார். முதல் நாளே சிக்கல். தெலுங்கில் ஆடு "மேக்க." தமிழில் ஆடு என்று வாய் திறந்திருக்கிற இடத்தில் அங்கே உதடு மூட வேண்டும். பாலமோ "வந்தென", உதடு மூடுகிற இடத்தில் கீழுதட்டைப் பல் தொடுகிறது. தூரத்து ஷாட் என்றால் விட்டுவிடலாம், இது முகத்துக்குப் பக்கத்தில். வாய் அடுக்கை மட்டும் திரும்பச் செய்து ஷாட்டை மறுபடி ரெண்டர் செய்ய ஒரு நாள் ஆகும் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் கொஞ்ச நேரம் படத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா"வோடு பையனை வெட்டிவிட்டு மிச்ச வசனத்தை 49-இல் ஓடுகிற ஆட்டின் மேல் போடலாமே, அங்கே யார் வாயும் தெரியாதே என்றார். 48-இல் 23-ஆவது ஃபிரேமிலிருந்து மீதி 48 ஃபிரேமை எடுத்துவிட்டு 49-ஐ அதே 48 ஃபிரேம் முன்னால் இழுத்தோம். ஆட்டின் ஓட்டம் 16 ஃபிரேம் சுழற்சி என்பதால் மூன்று சுற்று கூடுதலாக ஓடவிட்டால் கணக்குச் சரி, மொத்த நீளம் 16,500-லேயே நின்றது.